கம்மோடும் வாஷ் பேசினும் வாங்க: முதலில் அளவு, அப்புறம் ஃபிளஷ், கடைசியில் பிராண்ட்

வீடு கட்டும் பலர் ஷோரூமுக்குப் போய் அழகான கம்மோடு ஒன்றைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் பிளம்பரிடம் அதன் படத்தைக் காட்டுகிறார்கள். அவர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு “இது நம்ம லைனுக்கு உட்காராது” என்கிறார். பிறகு தரையை உடைக்கிறார்கள், அல்லது மனமில்லாமல் வேறு மாடலுக்கு மாறுகிறார்கள். வாங்கும் வரிசையை மாற்றினால் இந்தச் சிக்கல் வராது. கழிவுக் குழாய் எங்கே இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்ற இரண்டும் முதலில் தெரிய வேண்டும். ஃபிளஷ் முறை அதற்கு அடுத்தது. பீங்கானையும் பிராண்டையும் அதன் பிறகு பார்க்கலாம்.

விளக்கத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டுப் பக்கம் தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீடு. கீழே வயதான அப்பா, அம்மா. மேலே மகன், மருமகள், பேத்தி. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் மேடைமேல் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் போரிலிருந்து வருகிறது, உப்பு அதிகம். தளத்துக்கு ஒரு குளியலறை.

1. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கழிவுக் குழாய் தரையில் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா, சுவரிலிருந்து (அல்லது தரையிலிருந்து) அதன் மையம் எத்தனை மில்லிமீட்டர், கம்மோடு வரும் இடத்தின் அகலம், மாடித் தொட்டியின் அடிமட்டம் அந்தக் குளியலறைத் தரையிலிருந்து எவ்வளவு உயரம். இவற்றோடு, சுவர் ஒன்பது அங்குலமா நாலரை அங்குலமா என்பதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கம்மோடின் மையக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் வரை குறைந்தது 380 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உட்காருபவரின் முழங்கை சுவரில் இடிக்கும். முன்பக்கம் 600 மி.மீ. காலியிடம் இருந்தால் எழுந்து நிற்க வசதி. ஒரே கட்டியாக வரும் ஒன் பீஸ் கம்மோடு சில மாடல்களில் 700 மி.மீ. நீளத்தையும் தாண்டும். நான்கடி அகலமே உள்ள அறையில் அதை வைத்தால் கதவு திறக்க இடமிருக்கிறதா என்று தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள்.

2. கழிவுக் குழாயை அளப்பது

கம்மோடின் கழிவு தரையை நோக்கி இறங்கினால் அது எஸ் டிராப். பின்பக்கமாகச் சுவருக்குள் போனால் பி டிராப். இரண்டையும் மாற்றி மாட்ட முடியாது. கனெக்டர் போட்டு ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கூடுதல் வளைவில் அடைப்பு வரும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ் டிராப்பில் சுவரிலிருந்து குழாயின் மையம் வரை உள்ள தூரம் முக்கியம். நம் சந்தையில் 220 முதல் 225 மி.மீ., 300 மி.மீ. ஆகிய இரண்டும் அதிகம் கிடைக்கும். பேச்சில் ஒன்பது இஞ்ச், பன்னிரண்டு இஞ்ச் என்பார்கள். பி டிராப்பில் பார்க்க வேண்டியது தரையிலிருந்து குழாயின் மையம் வரை உள்ள உயரம். தரையில் நிற்கும் கம்மோடுகளில் அது பெரும்பாலும் 180 மி.மீ. அளவில் இருக்கும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். இந்த அளவுகளெல்லாம் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் எடுக்க வேண்டியவை. ஆனால் குழாய் பதிக்கும் நாளில் சுவர் வெறும் செங்கல்லாக நிற்கிறது. பூச்சு, ஒட்டும் பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்தால் சுமார் 30 மி.மீ. கூடிவிடும். பிளம்பர் செங்கல்லிலிருந்து 225 மி.மீ. அளந்து குழாயை வைத்தால், டைல்ஸ் ஒட்டியபின் மிஞ்சுவது 195 மி.மீ. மட்டும். ஒன்பது இஞ்ச் கம்மோடின் தொட்டி சுவரில் முட்டி, கழிவு வாய் குழாய்க்கு நேராக வராது. ஆகவே செங்கல்லிலிருந்து 255 மி.மீ. வைக்கச் சொல்லுங்கள். தரை உயர்வையும் பி டிராப்புக்கு இதே மாதிரி கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூரம் அதிகமாகிவிட்டால் கம்மோடு உட்காரும், ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழும். அழுக்கு சேரும். யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் தொட்டி பின்னால் தள்ளப்பட்டு, அதைக் கம்மோடோடு இணைக்கும் போல்ட்டில் கசிவு தொடங்கும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு, குளியலறையின் ஒரு சுவர் வெளிச்சுவராக இருந்தால், பி டிராப்பையே சொல்வேன். முக்கியமாக மேல் தளத்தில். கழிவு நேராகச் சுவரைத் தாண்டி வெளியே செங்குத்துக் குழாயில் சேர்ந்துவிடும். எஸ் டிராப் என்றால் பள்ளமாக இறக்கிய தளத்துக்குள் இணைப்பு புதைந்து கிடக்கும். நாளை அது கசிந்தால் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். நம் செங்கல்பட்டு வீட்டில் மேலே பி டிராப். கீழே குழாய் ஏற்கெனவே தரையில் பதித்தாகிவிட்டது, டைல்ஸுக்குப் பிறகு 222 மி.மீ. வருகிறது. எனவே கீழே ஒன்பது இஞ்ச் எஸ் டிராப்.

3. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது

பத்து மீட்டர் உயர நீருக்கு அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். ஒரு மீட்டருக்கு 0.1 பார். இது ஒன்று தெரிந்தால் பாதி முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

நம் வீட்டில் முதல் தளத்தின் தரையிலிருந்து கூரை 3 மீட்டர். கான்கிரீட் தளமும் மேடையும் சேர்த்துத் தொட்டியின் அடி சுமார் 4 மீட்டர் உயரத்தில். சுவரில் பதிக்கும் ஃபிளஷ் வால்வு தரையிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும். மிஞ்சுவது 3 மீட்டர், அதாவது 0.3 பார். கீழ்த்தளத்தில் இன்னும் 3 மீட்டர் கூடி 0.6 பார்.

தொட்டியில்லாமல் சுவரில் பொத்தான் மட்டும் தெரியும் ஃபிளஷ் வால்வுக்கு, வேகமான நீர் தேவை. 32 அல்லது 40 மி.மீ. தனிக் குழாயும், பொதுவாக அரை பாரை ஒட்டிய அழுத்தமும் வேண்டும். நம் வீட்டின் மேல் தளத்தில் அது எடுபடாது. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வழியும், தள்ளாது. கீழ்த்தளத்தில் ஓடும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. மேல் மாடி வீட்டுக்காரர்கள் “ஃபிளஷ் சரியில்லை” என்று வால்வையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு தொட்டியின் உயரத்தில் இருக்கும்.

ஃபிளஷ் தொட்டி உள்ள கம்மோடுக்கு இந்தக் கவலை இல்லை. தொட்டி நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரமாகலாம், ஆனால் ஃபிளஷின் வேகம் அந்தத் தொட்டிக்குள் நிற்கும் நீரைப் பொறுத்தது. மாடித் தொட்டி உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே இரண்டு தளத்துக்கும் தொட்டி வகையே முடிவு.

4. ஃபிளஷ் முறையைத் தேர்ந்தெடுப்பது

கடையில் இரண்டு பெயர்கள் காதில் விழும்: வாஷ் டவுன், சைபானிக். வாஷ் டவுனில் தண்ணீர் மேலிருந்து விழும் வேகத்தில் கழிவைத் தள்ளுகிறது. கழிவுப் பாதை அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். சைபானிக்கில் பாதை நீண்டு வளைந்து, கொஞ்சம் குறுகலாக இருக்கும். அது முழுக்க நீரால் நிரம்பும்போது உறிஞ்சும் விசை உண்டாகி, கழிவை இழுத்துக்கொண்டு போகும்.

சைபானிக்குக்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. சத்தம் குறைவு. கிண்ணத்தில் நிற்கும் நீரின் பரப்பு பெரிது என்பதால் கழிவு பீங்கானில் ஒட்டுவதும் நாற்றமும் குறைவு. ஆனால் குறுகலான வளைவில் தடிமனான டிஷ்யூ, நாப்கின், குழந்தைகளின் டயப்பர் போன்றவை விழுந்தால் உடனே மாட்டும். சைபானிக் மாடல்கள் பெரும்பாலும் தரைக் கழிவுக்கும் 300 மி.மீ. தூரத்துக்கும்தான் வரும். அடியில் நீர் பீறிடும் துளை உள்ள மாடல்களில், உப்புத் தண்ணீர் ஊரில் அந்தத் துளை நாளடைவில் சுருங்கிவிடும். துளை சுருங்கினால் உறிஞ்சும் விசை எழாது. நீர் கிண்ணத்தில் ஏறி, மெல்ல இறங்கும். அடைப்பு என்று நினைத்துக் கம்பி விட்டுப் பார்ப்பார்கள், பாதை சுத்தமாக இருக்கும்.

போர் தண்ணீர், பல கைகள் புழங்கும் வீடு என்றால் வாஷ் டவுனே என் தேர்வு. கிண்ணத்தில் கறை கொஞ்சம் ஒட்டும், பிரஷ் போட வேண்டியிருக்கும். அது தினசரி வேலை. அடைப்பு திடீரென்று வரும் தொல்லை.

அடுத்தது கிண்ணத்தின் விளிம்பு. பழைய முறையில் விளிம்பு உள்ளே மடிந்து, அதன் அடியில் சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். அந்த மடிப்புக்குள் பிரஷ் போகாது, துளைகளில் உப்பு படியும். ரிம்லெஸ் மாடலில் மடிப்பே இல்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் ஊரில் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். ஆனால் விளிம்பு இல்லாததால், வடிவமைப்பு சரியில்லாத மாடலில் முன்பக்கம் நீர் தெறிக்கும். கடையில் ஓடும் நிலையில் வைத்திருக்கும் காட்சி மாடல் இருந்தால் முழு ஃபிளஷ் ஒன்று போடச் சொல்லி, இருக்கைப் பக்கம் ஈரமாகிறதா என்று பாருங்கள்.

சுவரில் தொங்கும் கம்மோடு தரையைக் கழுவ வசதியானது. அதற்கு மறைதொட்டியும் எஃகுச் சட்டமும் வேண்டும். நாலரை அங்குலச் சுவரை வெட்டி அந்தத் தொட்டியைப் புதைக்கக் கூடாது. சுவருக்கு முன்னால் நாலைந்து அங்குலம் தள்ளி ஒரு குட்டைச் சுவர் எழுப்பி, அதற்குள் சட்டத்தைத் தரையோடு போல்ட் போட வேண்டும். கம்மோடைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளின் இடைவெளி 180 அல்லது 230 மி.மீ. என்று இரண்டு அளவில் வரும், சட்டமும் கம்மோடும் ஒரே அளவா என்று கேளுங்கள். உள்ளே எது பழுதானாலும் பொத்தான் தகட்டைக் கழற்றி அந்தத் துளை வழியாகத்தான் கை விட வேண்டும். ஆகவே உதிரிப்பாகம் உங்கள் ஊரில் கிடைக்கும் நிறுவனம் இல்லையென்றால் மறைதொட்டி வேண்டாம்.

கீழ்த்தளத்து அப்பா, அம்மாவுக்கு இருக்கையின் உயரம் முக்கியம். சாதாரண கம்மோடு சுமார் 400 மி.மீ. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 430 முதல் 450 மி.மீ. வரை இருந்தால் எழுவது எளிது. உயரமான மாடலைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் பிளாஸ்டிக் ரைசர் வைப்பதெல்லாம் ஆடும்.

5. தண்ணீர் மிச்சம்: லிட்டர் கணக்கு

பழைய ஒற்றை ஃபிளஷ் தொட்டிகள் ஒருமுறைக்கு 10 லிட்டர் வரை எடுக்கும். இன்றைய இரட்டைப் பொத்தான் தொட்டி முழுசுக்கு 6, பாதிக்கு 3 லிட்டர். இன்னும் சிக்கனமானவை 4 லிட்டரும் 2 லிட்டரும்.

ஒருவர் ஒரு நாளில் ஒரு முழு ஃபிளஷும் நான்கு பாதி ஃபிளஷும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டில் ஐந்து பேர். பழைய தொட்டியில் ஆளுக்கு 50, மொத்தம் 250 லிட்டர். 6/3 தொட்டியில் ஆளுக்கு 18, மொத்தம் 90. நாளொன்றுக்கு 160 லிட்டர் மிச்சம். ஆண்டுக்கு 58,400 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய ஐந்து லோடு. 4/2 தொட்டியில் மொத்தம் 60 லிட்டர். அதாவது முதல் படியில் 160 மிச்சமாகிறது, அடுத்த படியில் இன்னும் 30 மட்டும்.

அந்த 30 லிட்டருக்காக 4/2 வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கழிவு கிண்ணத்தை விட்டுப் போனால் போதாது, வெளியே சேம்பர் வரை நீந்திப் போக வேண்டும். கம்மோடிலிருந்து செங்குத்துக் குழாயோ சேம்பரோ அருகில் இருந்தால் 4 லிட்டர் போதும். படுக்கைவசக் குழாய் பல மீட்டர் நீளம், சரிவும் குறைவு என்றால் கழிவு நடுவில் நின்றுவிடும். நிற்பதைத் தள்ள இரண்டாவது முறை அழுத்துவார்கள். 4 லிட்டரை இரண்டு முறை அழுத்தினால் 8. 6 லிட்டர் தொட்டியே சிக்கனமாகிவிடும். நம் வீட்டில் மேல் தளத்துக் கழிவு சுவரைத் தாண்டியதும் செங்குத்தாக இறங்குகிறது, அங்கே 4/2 போடலாம். கீழே சேம்பர் வீட்டின் மறுகோடியில், அங்கே 6/3.

முக்கியமான எச்சரிக்கை: கிண்ணமும் தொட்டியும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. 6 லிட்டருக்குச் செய்த கிண்ணத்தில் 4 லிட்டர் தொட்டியை மாட்டினால் தள்ளாது. பழைய 10 லிட்டர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தொட்டியை மட்டும் மாற்றுவதும் இதே கதைதான். தொட்டிக்குள் செங்கல் போடுவதையும் விட்டுவிடுங்கள். துகள்கள் உதிர்ந்து அடி வாஷரில் சிக்கி ஓயாமல் கசியும். நீர்மட்டத்தைக் குறைக்க மிதவையின் திருகே போதும், அதுவும் உற்பத்தியாளர் குறித்த கோட்டுக்குக் கீழே போகக் கூடாது.

தண்ணீர்ச் சிக்கனமான சாதனங்களுக்கென ஐ.எஸ். 17650 என்ற தரநிலை இருக்கிறது. அட்டைப்பெட்டியில் லிட்டர் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத பெட்டியில் “வாட்டர் சேவிங்” என்ற சொல் மட்டும் இருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

6. பீங்கானைக் கடையிலேயே சோதிப்பது

நல்ல கழிவறைப் பீங்கான், விட்ரியஸ் சைனா எனப்படும் கண்ணாடித்தன்மை கொண்ட சுடுமண். நம் ஐ.எஸ். 2556 தரநிலைப்படி அது உறிஞ்சும் நீர் தன் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உறிஞ்சும் பீங்கான் உள்ளுக்குள் ஈரம் ஏறி, மேல் மெருகு மயிரிழையாக வெடித்து, கறையையும் நாற்றத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இதை நீங்களே பார்க்கலாம். கம்மோடின் அடிப்பகுதியில் மெருகு பூசாத இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு, அங்கே ஒரு சொட்டுப் பேனா மையை வைத்து ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். லேசான தடம் மட்டும் நின்றால் நல்லது. மை பரவி உள்ளே இறங்கியிருந்தால் சுட்டது போதவில்லை. அடுத்து, விரல் முட்டியால் கிண்ணத்தின் பல இடங்களில் தட்டுங்கள். கணீரென்று ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ‘பொத்’தென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம். கழிவு வாய்க்குள் விரலை எட்டிய வரை விட்டுத் தடவுங்கள். உள்ளேயும் வழுவழுப்பாக இருந்தால் மெருகு பாதை வரை போயிருக்கிறது. சொரசொரப்பாக இருந்தால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் கழிவு அங்கேதான் ஒட்டத் தொடங்கும். மலிவான பீங்கானில் செலவு மிச்சம் பிடிக்கப்படும் இடம் இது.

கடைசியாகச் சமதளத்தில் வைத்து நான்கு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். ஆடினால் அடி கோணலாகச் சுட்டிருக்கிறது. வேறு பீஸ் கேளுங்கள்.

7. பிராண்டும் விலைப்படியும்

இப்போது பிராண்டுக்கு வரலாம். ஒரே நிறுவனம் பல படிகளில் விற்கிறது என்பதை மனதில் வையுங்கள். ஜாகுவார் குழுமத்தில் ஆர்ட்டைஸ் உச்சிப் படி, ஜாகுவார் நடுப் படி, எஸ்கோ சிக்கனப் படி. ராணிப்பேட்டையோடு நம் ஊர்க்காரர்கள் சேர்த்து நினைக்கும் பாரிவேர், இப்போது ஸ்பெயினின் ரோகா நிறுவனத்தைச் சேர்ந்தது. ரோகா என்ற பெயர் அதற்கு மேல் படியில் விற்கிறது. ஹிண்ட்வேர், செரா இரண்டும் நடுத்தர வீடுகளில் அதிகம் காணப்படுபவை. கோலர், டோட்டோ, க்ரோஹே, டியூராவிட் எல்லாம் மேல் படி. இவற்றுக்குக் கீழே குஜராத்தின் தான்கட், மோர்பி பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும், விளம்பரமில்லாத பெயர்கள்.

கீழ்ப் படியிலிருந்து நடுப் படிக்கு ஏறும்போது நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பயனுள்ளது. பாதை வரை மெருகு, கோணலில்லாத அடி, தொட்டிக்குள் நீடிக்கும் வால்வு, பல ஆண்டு கழித்தும் கிடைக்கும் வாஷரும் சீட் கவரும், இவற்றுக்குத்தான் அது போகிறது. நடுப் படியிலிருந்து உச்சிக்கு ஏறும்போது பெரும்பகுதி வடிவத்துக்கும் நிறத்துக்கும் கறை ஒட்டாத மெருகுப் பூச்சுக்கும் போகிறது. நீரைத் தள்ளும் வேலையில் பெரிய வேறுபாடு தெரியாது. நடுத்தரக் குடும்பத்துக்கு நடுப் படியே போதும் என்பது என் கருத்து.

உத்தரவாத அட்டையை வரி வரியாகப் படியுங்கள். பத்து ஆண்டு என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பீங்கானுக்கு. உள் வால்வுக்கும் சீட் கவருக்கும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பீங்கான் அரிதாகத்தான் பழுதாகும், முதலில் பழுதாவது வால்வும் கவரும். பில் போடும் முன் “இந்த மாடலுக்கு ஃபிளஷ் வால்வும் சீட் கவரும் தனியா கிடைக்குமா, இப்ப கடையில் இருக்கா?” என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் வாங்குங்கள். விசித்திர வடிவச் சீட் உள்ள இறக்குமதி மாடலில் கவர் உடைந்தால் கம்மோடையே மாற்ற வேண்டிய நிலை வரும்.

8. வாஷ் பேசின்: பொருள், உயரம், கப்ளிங்

பேசினுக்கும் பீங்கானே முதல் தேர்வு. சோதனைகளும் மேலே சொன்னவைதான். கண்ணாடிப் பேசின் உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டையும் வெள்ளைப் புள்ளியாகக் காட்டும். கறுப்பு மேட் பேசினிலும் அதே தொல்லை. தேய்த்துத் தேய்த்து மேட் பூச்சு திட்டுத்திட்டாகப் பளபளக்கத் தொடங்கும். மார்பிள் கற்பேசினில் எலுமிச்சை, புளி, ஆசிட் பட்டால் அரிக்கும். சாப்பாட்டு அறைப் பேசின் என்றால் எஃகு நல்லது, 304 தரம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பேசினின் மேல் விளிம்பு தரையிலிருந்து 800 முதல் 850 மி.மீ. வரை இருக்க வேண்டும். மேசைமேல் வைக்கும் டேபிள் டாப் பேசினில் எல்லோரும் இங்கே தவறுகிறார்கள். கொத்தனார் வழக்கம்போல் கிரானைட்டை 800 மி.மீ. உயரத்தில் போட்டுவிடுகிறார், அதன்மேல் 140 மி.மீ. பேசினை வைத்தால் விளிம்பு 940 மி.மீ. ஆகிறது. முகம் கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகி அக்குளுக்கு வரும், பேத்திக்கு எட்டவே எட்டாது. பேசினை முதலில் வாங்கி, அதன் உயரத்தை 830-லிருந்து கழித்து, மிஞ்சும் 690 மி.மீ.-ல் கிரானைட்டைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது, பேசினின் அடியில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங். பேசினின் உட்சுவரில் நீர் வழிந்தோட ஒரு சிறு துளை இருந்தால் ஹாஃப் த்ரெட் கப்ளிங் வாங்க வேண்டும். அதன் பக்கவாட்டில் உள்ள திறப்பு வழியாகத்தான் அந்தத் துளையின் நீர் இறங்கும். துளை இல்லாத பேசினுக்கு ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டால் ஒன்று வழிந்தோடும் பாதை அடைபடும், இல்லையேல் பக்கத் திறப்பு வழியாக நீர் பேசினுக்கு அடியில் கசியும். பிளம்பர் வாஷரை மாற்றுவார், சீலண்ட் தடவுவார், கசிவு நிற்காது. கடையில் பேசினோடு சேர்த்தே கப்ளிங்கை வாங்குங்கள், துளையைக் காட்டி வாங்குங்கள்.

9. பேசின் குழாய்

குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளைக் குழாய் கனக்கும். துத்தநாகக் கலப்பு உலோகம் இலேசாக இருக்கும், உப்புத் தண்ணீரில் உள்ளே அரித்து, குரோம் கொப்புளமாக எழும். வாடகை வீட்டுக்கும் வெளிக் குழாய்க்கும் பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் பரவாயில்லை, அது அரிக்காது. வெயில் படும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

குழாய் வாயில் இருக்கும் சல்லடை, அதாவது ஏரேட்டர், நீரில் காற்றைக் கலந்து நுரையாக்கிச் சிக்கனப்படுத்துகிறது. பல மாடல்களில் அதற்குள் நீரைக் குறைக்கும் தடுப்பும் உண்டு. இந்தத் தடுப்பு நல்ல அழுத்தத்துக்குச் செய்தது. நம் வீட்டின் மேல் தளத்து 0.3 பாரில் அதை வைத்தால் நூல் போல ஒழுகும். கீழே தடுப்புள்ள ஏரேட்டர், மேலே தடுப்பில்லாத சாதாரண சல்லடை என்று தனித்தனியாகப் போடுங்கள். சாவியில்லாமல் கையாலேயே கழற்ற முடிகிற ஏரேட்டர் வாங்குவது நல்லது. உப்பு அடைத்தால் வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்டலாம்.

ஒவ்வொரு பேசினுக்கும் ஃபிளஷ் தொட்டிக்கும் அடியில் ஆங்கிள் வால்வு கட்டாயம். அது இல்லையென்றால் ஒரு வாஷர் மாற்ற வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்த வேண்டிவரும்.

10. மாட்டும் நாளில் கூட நின்று பார்க்க வேண்டியவை

முதலில், கழிவு வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் பேன் கனெக்டர் போடச் சொல்லுங்கள். சிமெண்ட் கலவையால் அடைத்தால் நாற்றம் கசியும், கழற்றும் நாளில் பீங்கான் உடையும்.

இரண்டாவது, கம்மோடின் அடியைச் சிமெண்டால் நிரப்ப விடாதீர்கள். இறுகும்போது ஏற்படும் அழுத்தத்தில் பீங்கான் வெடிக்கலாம். தரையில் போல்ட் போட்டு, சுற்றிலும் சிலிகான் ஒரு கோடாக இழுத்தால் போதும். பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குச் சிலிகான் இல்லாமல் விடுங்கள். உள்ளே கசிவு இருந்தால் அந்த வழியாக வெளியே தெரியும், இல்லையேல் தரைக்குள் இறங்கும். போல்ட்டைக் கையால் இறுக்கியபின் ஸ்பானரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் ‘டப்’பென்று விரிசல் விழும்.

மூன்றாவது, நீரை விட்டுச் சோதிப்பது. இறுக்கிய பின் ஐந்து டிஷ்யூ தாள்களைச் சுருட்டிப் போட்டு, பாதி ஃபிளஷ் ஒன்றும் முழு ஃபிளஷ் ஒன்றும் போடுங்கள். முழு ஃபிளஷில் ஒன்று கூட மிஞ்சக் கூடாது. வெளியே சேம்பர் மூடியைத் திறந்து அது அங்கே வந்து சேர்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். கிண்ணத்தில் நிற்கும் நீரின் ஆழம் 50 மி.மீ.-க்குக் குறையக் கூடாது, அந்த நீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது.

அப்புறம் ஃபிளஷ் தொட்டிக்குள் கொஞ்சம் நீலத்தைக் கரைத்து, அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். கிண்ணத்து நீரில் நிறம் தெரிந்தால் அடி வாஷர் சரியாக உட்காரவில்லை. கண்ணுக்குத் தெரியாத கசிவு பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர் போய்விடும்; இரட்டைப் பொத்தானால் மிச்சம் பிடித்த 160 லிட்டரில் பெரும்பகுதி அது. பிளம்பர் ஊரை விட்டுப் போகும் முன் அதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் கூலியை முடிக்க வேண்டும்.

சுத்தம் செய்ய வருபவர்களிடம், ஃபிளஷ் தொட்டிக்குள் போடும் நீல மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். குளோரின் கலந்த மாத்திரை ரப்பர் வாஷரைச் சுருக்கிக் கசிவைக் கொண்டுவரும். கிண்ணத்துக்குள் மட்டும் ஊற்றும் திரவம் போதும். உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றினால், அதன் ஆவி பக்கத்திலிருக்கும் குரோம் குழாயைக் கறுக்க வைக்கும், டைல்ஸ் இடுக்கைத் தின்றுவிடும். வினிகரை டிஷ்யூவில் நனைத்து இரவு முழுக்கக் கறைமேல் ஒட்டி வைத்து, காலையில் நைலான் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலான உப்புப் படிவு வந்துவிடும்.